பொதுக்குழு அறிவிப்பை ஒட்டுவதற்கு முன்: எந்தப் புகார் வரும், பிழை எங்கே இருக்கும்

எங்கள் வளாகத்தில் 72 வீடு. சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அச்சகத்தில் பல வருடம் மெய்ப்புப் பார்த்தவன் என்பதால் ஆண்டுப் பொதுக்குழு அறிவிப்பு தயாரானதும் செயலாளர் தம்பி எனக்கு அனுப்பிவிடுவார். "சார், ஸ்பெல்லிங் மட்டும் பார்த்துடுங்க" என்பார். ஸ்பெல்லிங்கை நான் கடைசியில்தான் பார்ப்பேன். "அனைத்து குடியிருப்போர்" என்று ஒற்று விழுந்துபோனதால் எந்தக் கூட்டமும் செல்லாமல் போனதில்லை. வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி நாற்பது செய்தி வரும், அவ்வளவுதான். ஆளை மடக்குவது தேதியும், அஜெண்டாவில் உள்ள வினைச்சொல்லும், ஓட்டு பற்றிய வரியும்தான்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி, புதன்கிழமை மாலை எனக்கு வந்த வரைவு இது. முகவரி, கையெழுத்து நீக்கி அப்படியே தருகிறேன்.

> நாள்: 03-09-2025
>
> அனைத்து குடியிருப்போருக்கும் வணக்கம். நமது சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான பொதுக்குழுக் கூட்டம் வரும் 22-09-2025 ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்கு நமது அரங்கில் நடைபெறும்.
>
> 1. சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பு
> 2. வரவு செலவுக் கணக்கு
> 3. பராமரிப்புக் கட்டணம் பற்றி விவாதித்தல் மற்றும் சிசிடிவி பொருத்துதல்
> 4. துணைவிதித் திருத்தம்
> 5. நிர்வாகக் குழு
> 6. தலைவர் அனுமதியுடன் பிற விஷயங்கள்
>
> குறிப்பு: தீர்மானங்கள் பெரும்பான்மை அடிப்படையில் நிறைவேற்றப்படும். நிலுவை இல்லாத குடியிருப்போர் மட்டும் வாக்களிக்கலாம். பிராக்ஸி படிவத்தை 20-09-2025 காலை 10.30 மணிக்குள் தரவும். கோரம் இல்லையெனில் கூட்டம் அதே நாள் மாலை 4.30 மணிக்கு அதே இடத்தில் நடைபெறும்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. இதை இப்படியே ஒட்டியிருந்தால் என்னென்ன குரல் கேட்டிருக்கும், ஒவ்வொரு குரலுக்கும் காரணம் எந்த வரியில் இருந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் அறிவிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் சங்கத்தின் பைலா, அதாவது துணைவிதிப் பிரதியும் வேண்டும். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

"ஞாயிறா, திங்களா? எதை நம்பறது?"

அறிகுறி: அறிவிப்பு ஒட்டிய அரை மணியில் இந்தக் கேள்வி வரும். சிலர் கேட்காமலே தங்களுக்குத் தோன்றிய நாளைக் குறித்துக்கொள்வார்கள். அவர்கள்தான் பிறகு சண்டைக்கு வருவார்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றே. போன வருட அறிவிப்பைத் திறந்து, ஆண்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். 2024 செப்டம்பர் 22 ஞாயிறு. 2025 செப்டம்பர் 22 திங்கள். சாதாரண வருடத்தில் ஒரு தேதியின் கிழமை அடுத்த வருடம் ஒரு நாள் தள்ளிப்போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள். ஆகவே தேதியும் கிழமையும் ஒரு நாள் வித்தியாசத்தில் முரண்பட்டால் அது பெரும்பாலும் விரல் தவறி வந்த பிழை அல்ல, பழைய கோப்பின் எச்சம். அப்படியென்றால் அதே கோப்பிலிருந்து வேறு எச்சங்களும் வந்திருக்கும் என்று அர்த்தம். தேடிப் பாருங்கள். இந்த வரைவில் இன்னொன்று கிடைத்தது: "மாலை 4.30". போன வருடம் கூட்டம் மாலை 4 மணிக்கு. கோரம் இல்லையென்றால், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வீடுகள் வராவிட்டால், அரை மணி கழித்து 4.30க்கு என்பது அப்போது சரி. இந்த வருடம் கூட்டத்தைக் காலைக்கு மாற்றிவிட்டு, அடியில் இருந்த நேரத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். காலையில் வந்தவர்கள் கோரத்துக்காக மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சோதிப்பது எப்படி என்றால், போனில் பார்க்காதீர்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளைப் புரட்டிப் பாருங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. தம்பி கிழமையைச் சரிசெய்து "21-09-2025 ஞாயிறு" என்று உடனே திருத்தி அனுப்பினார். தேதியும் கிழமையும் இப்போது பொருந்தின. ஆனால் காலண்டர் தாளில் அந்த நாளுக்கு மகாளய அமாவாசை என்று போட்டிருந்தது. வளாகத்தில் பாதிப் பேர் காலையில் தர்ப்பணத்துக்குக் குளக்கரையிலோ கடற்கரையிலோ இருப்பார்கள். பத்தரை மணிக்குக் கோரத்துக்கு 24 வீடு சேர்ந்திருக்காது. போன் காலண்டர் பெரும்பாலும் இதைச் சொல்லாது.

"வரும்", "அடுத்த", "எதிர்வரும்" ஆகிய சொற்களையும் அடித்துவிடுங்கள். தேதி இருக்கும்போது அவை எதையும் கூட்டுவதில்லை. அறிவிப்பைப் பத்து நாள் கழித்துப் படிப்பவருக்கு "வரும் ஞாயிறு" வேறு ஞாயிறாகிவிடும்.

"இத்தனை குறைஞ்ச நாள்ல எப்படிக் கூப்பிடறீங்க?"

இந்தக் குரல் கூட்டத்துக்கு முன் கேட்டால் நல்லது. பெரும்பாலும் கூட்டம் முடிந்து, பிடிக்காத தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் கேட்கும்.

எங்கள் துணைவிதியில் பொதுக்குழுவுக்கு 21 முழு நாள் அறிவிப்பு வேண்டும். உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம், அதைப் பாருங்கள். "முழு நாள்" என்றால் அறிவிப்பு கையில் சேர்ந்த நாளும் கணக்கில் இல்லை, கூட்டம் நடக்கும் நாளும் இல்லை. இடையில் உள்ளவை மட்டும். விதியில் "முழு" என்ற சொல் இல்லாவிட்டாலும் இப்படியே எண்ணிவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்ததற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

தம்பி 3ஆம் தேதியையும் 21ஆம் தேதியையும் வைத்து "பதினெட்டு நாள் இருக்கே சார், கிட்டத்தட்ட மூணு வாரம்" என்றார். மூன்றாம் தேதியே எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், 4 முதல் 20 வரை எண்ணினால் 17 முழு நாள்தான். நான்கு நாள் குறைகிறது. அமாவாசையை விட்டாலும் அந்த ஞாயிறு ஆகவே ஆகாது.

அடுத்த ஞாயிறு 28. அதற்குப் பின்னாலிருந்து எண்ணினோம். 21 முழு நாள் என்றால் கூட்டத் தேதியிலிருந்து 22ஐக் கழித்தால் அறிவிப்பு சேர வேண்டிய கடைசி நாள் வந்துவிடும். 28இல் 22 போனால் 6. செப்டம்பர் 6, சனிக்கிழமை. சரிபார்க்க விரல் விட்டு எண்ணினால் 7 முதல் 27 வரை 21 நாள். சரி.

ஏன் 28ஐ விட்டு அக்டோபருக்குத் தள்ளவில்லை? எங்கள் விதிப்படி நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட வேண்டும். அதாவது செப்டம்பர் 30க்குள். 28தான் அந்தக் கெடுவுக்குள் கிடைக்கும் கடைசி ஞாயிறு. நவராத்திரி நடுவில் வருகிறது, ஆனால் கொலுவுக்குப் போகிறவர்கள் மாலையில்தான் கிளம்புவார்கள், காலை 10.30க்கு அதனால் தொல்லை இல்லை.

ஆக எங்களுக்கு மூன்று நாள்தான் கையில் இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அறிவிப்பின் தலையில் போடும் "நாள்: 03-09-2025" என்பதை யாரும் எண்ணுவதில்லை என்பது. சேர்ந்த நாளைத்தான் எண்ணுவார்கள். வெளியூரில் இருக்கும் ஒன்பது உரிமையாளர்களுக்கு அஞ்சலில் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மிலாதுநபி விடுமுறை. அதனால் அஞ்சல் வியாழனே போனது. அஞ்சலில் அனுப்பினால் எந்த நாள் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்புவது அறிவிப்பாகுமா என்பவற்றை விதி சொல்லும். எங்கள் விதியில் வாட்ஸ்அப் இல்லை, மின்னஞ்சல் உண்டு. ஆகவே வெளியூர்க்காரர்களுக்கு அஞ்சலோடு மின்னஞ்சலும் போனது.

ஒரு தேதியை மாற்றினீர்கள். அதன் பின்னால் போக வேண்டியவை போகவில்லை

இதற்குப் புகார் வராது, குழப்பம்தான் வரும். அறிகுறி இப்படி: ஒருவர் பிராக்ஸி படிவத்தோடு வெள்ளிக்கிழமை வருகிறார், "போன சனியே முடிஞ்சுடுச்சு" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்.

எங்கள் விதியில் பதிலாள் படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன் வந்து சேர வேண்டும். வரைவில் இருந்த "20-09-2025 காலை 10.30" என்பது 22ஆம் தேதிக் கூட்டத்துக்குச் சரியான கணக்கு. கூட்டம் 28க்குப் போனதும் அது 26-09-2025 காலை 10.30 ஆக வேண்டும். நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு மனு கொடுக்கும் கடைசி நாள், கணக்குப் புத்தகத்தை அலுவலகத்தில் வந்து பார்க்கலாம் என்ற நாட்கள், கோரம் இல்லாவிட்டால் கூடும் நேரம், இவை எல்லாமே கூட்டத் தேதியின் வால்கள்.

நான் செய்வது: அறிவிப்பை அச்செடுத்து, எண் வரும் இடத்தை எல்லாம் சிவப்பில் வட்டமிடுவேன். பிறகு அந்த எண்களை மட்டும், கடைசியிலிருந்து மேலாக, சத்தமாகப் படிப்பேன். மனைவி காலண்டரும் பைலாவும் கையில் வைத்துக்கொண்டு "சரி", "இல்லை" என்பார். வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால் கண் பொருளைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தாண்டிவிடும். அச்சகத்தில் திருமணப் பத்திரிகைக்கு இப்படித்தான் பார்ப்போம். முகூர்த்த நேரம் தப்பினால் பார்ட்டி திரும்பிக் காசு கொடுக்காது.

"பேசலாம்னுதானே போட்டிருந்தீங்க? முடிவு எடுக்கறதா எங்க போட்டிருக்கு?"

இதுதான் அதிகம் வரும் புகார். அஜெண்டாவின் வினைச்சொல்லில் இருக்கிறது பிழை.

"பராமரிப்புக் கட்டணம் பற்றி விவாதித்தல்" என்று போட்டால் அன்று பேசலாம், தேநீர் குடிக்கலாம், கலையலாம். கட்டணத்தை உயர்த்த முடியாது. வராமல் இருந்தவர் "முடிவெடுப்பதாகத் தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்று சொன்னால் அவர் பக்கம்தான் நியாயம். அஜெண்டாவில் நாம் பயன்படுத்தும் சொற்கள் ஒன்றுக்கொன்று வேறு. "விவாதித்தல்" என்றால் பேச்சோடு சரி. "பதிவு செய்தல்" என்றால் தகவல் சொல்லிக் குறித்துக்கொள்வது, ஓட்டு இல்லை. "ஒப்புதல் அளித்தல்" என்றால் தயாராக உள்ள ஒன்றுக்கு ஆம் அல்லது இல்லை. "பரிசீலித்து முடிவெடுத்தல்" என்றால் பேசி, தேவைப்பட்டால் திருத்தி, ஓட்டுக்கு விடுவது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே "இதில் ஓட்டு உண்டா?" என்று செயலாளரைக் கேட்டு, அதற்கேற்ற சொல்லை எழுதுங்கள். எங்கள் வரைவில் 1, 2, 4, 5 ஆகியவற்றில் வினைச்சொல்லே இல்லை. "நிர்வாகக் குழு" என்றால் என்ன? தேர்தலா, ராஜினாமாவா, பாராட்டா? உண்மையில் அது தேர்தல். குழுவின் காலம் சட்டப்படி 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, எங்களுக்கு அந்த மூன்றாண்டு முடிகிறது. அதைச் சொல்லாமல் விட்டால், போட்டியிட நினைத்தவர் மனு கொடுக்கும் நாள் போன பிறகுதான் விழிப்பார்.

அடுத்து, தொகை. தம்பி திருத்தி அனுப்பினார்: "பராமரிப்புக் கட்டணத்தை சதுர அடிக்கு ரூ.4.25 உயர்த்துதல்." இதைப் படித்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்போது கட்டணம் சதுர அடிக்கு மாதம் ரூ.3.50. அதை ரூ.4.25 ஆக்குவதுதான் யோசனை. "ரூ.4.25 உயர்த்துதல்" என்றால் 3.50க்கு மேல் இன்னொரு 4.25, மொத்தம் ரூ.7.75. 1,100 சதுர அடி வீட்டுக்காரர் இப்போது ரூ.3,850 கட்டுகிறார். யோசனைப்படி ரூ.4,675 கட்ட வேண்டும். எழுதியபடி பார்த்தால் ரூ.8,525. இடையில் விழுந்துபோனது "ஆக" என்ற ஒரு சொல். பழைய தொகை, புதிய தொகை, எந்த மாதத்திலிருந்து என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் "ஆக" விழுந்தாலும் வாசகர் சரியாகப் புரிந்துகொள்வார்.

மூன்றாவது, "மற்றும்". கட்டணமும் சிசிடிவியும் ஒரே எண்ணில் இருந்தன. கேமரா வேண்டும், கட்டண உயர்வு வேண்டாம் என்பவர் எப்படிக் கை தூக்குவார்? ஒரு எண்ணில் "மற்றும்", "-உம் ... -உம்" வந்தால் நிறுத்தி, இரண்டுக்கும் தனித்தனியாக ஓட்டு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் இரண்டு எண்ணாகப் பிரியுங்கள்.

"பிற விஷயங்கள்" பற்றி ஒரு வார்த்தை. அதை அடிக்க வேண்டியதில்லை. நாய், பார்க்கிங், குப்பை வண்டி எல்லாம் அங்கேதான் வரும். ஆனால் பணமோ விதியோ அந்தப் பொந்துக்குள் நுழையக்கூடாது. முன்பு ஒரு வருடம் லிஃப்ட் பழுதுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று "பிற விஷயங்களில்" நிறைவேற்றினோம். கொடுக்க மனமில்லாத நான்கு பேர் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கொடுக்கவில்லை. கூட்டத்தில் கை தூக்கியவர்களும் இதில் அடக்கம்.

"பைலாவ மாத்தினீங்களாமே, எதை மாத்தினீங்க?"

"துணைவிதித் திருத்தம்" என்ற இரண்டே சொல் போதாது. இங்கே சட்டமே குறுக்கே நிற்கிறது. துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். சிறப்புத் தீர்மானம் என்பதற்கு 1975 சட்டம் இரண்டு நிபந்தனை வைக்கிறது: அதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரும் எண்ணத்தை அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாக்குரிமையுடன் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் ஆதரிக்க வேண்டும். முதல் நிபந்தனை மெய்ப்புப் பார்ப்பவரின் பொறுப்பு. அறிவிப்பில் அந்தச் சொல் இல்லையென்றால் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினாலும் பிறகு கேள்வி எழும்.

எங்கள் திருத்தம் கோரம் பற்றியது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 24 வீடு என்றிருப்பதை நான்கில் ஒரு பங்கு, 18 வீடு என்று குறைக்க வேண்டும். திருத்தத்தில் பின்னம் வரும்போது அதைச் சொல்லிலும் எண்ணிக்கையிலும் எழுதுங்கள். "மூன்றில் நான்கு" என்று தட்டச்சாகி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். 72க்கு அது 96 வீடு.

விதியின் எண், இப்போதுள்ள வாசகம், மாற்றியபின் வரும் வாசகம், மூன்றையும் இணைப்பாகத் தந்து, அறிவிப்பில் "இணைப்பு 1" என்று குறிப்பிட வேண்டும். இணைப்பு உண்மையில் இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள்.

"27 பேர் ஆதரவு, 7 பேர்தான் எதிர்ப்பு. எப்படித் தோத்துது?"

"தீர்மானங்கள் பெரும்பான்மை அடிப்படையில் நிறைவேற்றப்படும்" என்ற வரி பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். யாருடைய பெரும்பான்மை என்று அது சொல்வதில்லை.

கோரத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். 40 வீடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 ஆதரவு, 7 எதிர்ப்பு, 6 பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஓட்டுப் போட்ட 34 பேரில் நான்கில் மூன்று பங்கு என்றால் 25.5, அதாவது 26 வேண்டும். 27 இருக்கிறது, வெற்றி. வந்திருந்த 40 பேரில் என்றால் 30 வேண்டும், தோல்வி. மொத்த 72இல் என்றால் 54 வேண்டும், படுதோல்வி. ஒரே கை எண்ணிக்கைக்கு மூன்று கணக்கு. சட்டம் சிறப்புத் தீர்மானத்துக்கு வந்திருப்பவர்களை வைத்துக் கணக்கிடுகிறது, ஆகவே நடுநிலை வகித்த ஆறு பேரும் எதிர்ப்பாளர் போலத்தான் ஆகிறார்கள். இது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. வேறு சில விஷயங்களுக்குக் கணக்கு வேறு: பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் கேட்பது மொத்த உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கின் சம்மதம். அங்கே கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை.

ஆகவே பொதுவாக ஒரு வரி அடியில் எழுதாமல், ஓட்டு உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே எந்தப் பெரும்பான்மை என்று போடுங்கள்.

"என் குடித்தனக்காரர் ஓட்டுப் போட்டாராமே!"

இந்தப் புகாரைத் தேடி நான் "குடியிருப்போர்" என்ற சொல்லை வட்டமிடுவேன். சங்கத்தின் பெயரில் அது இருப்பதால் கை தானாக எழுதிவிடும். ஆனால் குடியிருப்போர் என்றால் வாடகைக்கு இருப்பவரும் குடியிருப்போரே. வரைவில் "நிலுவை இல்லாத குடியிருப்போர் மட்டும் வாக்களிக்கலாம்" என்றிருந்தது. வாடகைதாரர் ஒருவர் பராமரிப்புக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவிட்டு "நிலுவை இல்லை, நானும் போடலாம்" என்று வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? எங்கள் விதிப்படி ஓட்டு உறுப்பினருக்கு, உறுப்பினர் என்பவர் வீட்டின் உரிமையாளர். ஆகவே அழைப்பு "உறுப்பினர்களுக்கு" என்று மாறியது.

உறுப்பினர் என்று மாற்றியதும் அடுத்த கேள்வி: ஆளுக்கு ஒரு ஓட்டா, வீட்டுக்கு ஒரு ஓட்டா? கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருக்கும், மூன்று வீடு வைத்திருக்கும் ஒருவரும் இருப்பார். எங்களுக்கு வீட்டுக்கு ஒன்று. உங்கள் விதி வேறாக இருக்கலாம்; எதுவானாலும் அறிவிப்பில் ஒரு வரி வேண்டும்.

"நிலுவை இல்லாத" என்பதற்கும் ஒரு தேதி வேண்டும். எந்த நாளைய நிலுவை? பத்தரைக்குக் கூட்டம் என்றால் பத்தேகாலுக்கு வாசலில் நின்று போனில் பணம் அனுப்புபவர் எங்கள் வளாகத்தில் இருவர் உண்டு. எங்கள் விதி "கூட்டத்துக்கு ஏழு நாள் முன்புவரை" என்கிறது, ஆகவே அறிவிப்பில் "20-09-2025 அன்று" என்று நான் முதலில் எழுதினேன். மனைவி பைலாவைப் பார்த்துவிட்டு "இருபத்தொண்ணுன்னுல்ல வரணும்" என்றாள். 28இல் 7 போனால் 21. என் சிவப்புப் பேனாவிலும் ஒரு பிழை. இந்த நிபந்தனை உங்கள் விதியில் இல்லையென்றால் அறிவிப்பில் புதிதாகச் சேர்க்காதீர்கள். ஒருவருடைய ஓட்டைப் பறிக்க அறிவிப்புக்கு அதிகாரம் கிடையாது.

இன்னொரு விஷயம், சாய்வான சொல். தம்பி திருத்திய பிரதியில் "அவசியமான கட்டண உயர்வுக்கு அனைவரும் ஆதரவு தந்து நிறைவேற்றித் தருமாறு" என்றிருந்தது. அவர் நல்ல மனதோடுதான் எழுதினார். நான் "அவசியமான" என்பதில் தொடங்கி "தருமாறு" வரை அடித்துவிட்டேன். உயர்வு ஏன் வேண்டும் என்பதைத் தனிக் குறிப்பில் கணக்கோடு எழுதட்டும்.

கடைசியில் ஒட்டப்பட்ட அறிவிப்பில் மேற்படி இடங்கள் இப்படி ஆயின:

> 3. பராமரிப்புக் கட்டணத்தை, சதுர அடிக்கு மாதம் ரூ.3.50 என்பதிலிருந்து ரூ.4.25 ஆக, 01-11-2025 முதல் உயர்த்துவது பற்றிப் பரிசீலித்து முடிவெடுத்தல். (சாதாரணத் தீர்மானம்: வாக்களிப்போரில் பாதிக்கு மேல்)
>
> 4. வளாகத்தில் சிசிடிவி கேமரா பொருத்துவது பற்றிப் பரிசீலித்து முடிவெடுத்தல்; விலைப்புள்ளி இணைப்பு 2. (சாதாரணத் தீர்மானம்)
>
> 5. கூட்டக் கோரத்தை மூன்றில் ஒரு பங்கிலிருந்து (24 வீடு) நான்கில் ஒரு பங்காக (18 வீடு) மாற்றும் துணைவிதித் திருத்தம், இணைப்பு 1இல் உள்ளபடி, சிறப்புத் தீர்மானமாக முன்மொழியப்படும். (வந்திருக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல்)
>
> வாக்கு: வீடு ஒன்றுக்கு ஒரு வாக்கு. 21-09-2025 அன்று நிலுவை இல்லாத உறுப்பினர்கள் வாக்களிக்கலாம். கோரம் இல்லையெனில் கூட்டம் அதே நாள் காலை 11.00 மணிக்கு அதே இடத்தில் கூடும்.

கோரம் இல்லாமல் அரை மணி கழித்துக் கூடுவது உங்கள் விதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடைசி வரியைச் சேருங்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்பதால் போடக்கூடாது.

"எங்க வீட்டுக்கு வந்ததுல வேற தேதி!"

இது ஒட்டிய பிறகு வரும் நோய். தம்பி அவசரத்தில் 22ஆம் தேதி போட்ட முதல் வரைவைப் படமாக எடுத்து நிர்வாகக் குழு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அங்கிருந்து யாரோ பொதுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அழித்தாலும் சிலர் போனில் தங்கிவிட்டது. ஆகவே சரியான அறிவிப்பின் தலையில் "கூட்டம் 22-09-2025 அன்று என்று இதற்கு முன் படமாகச் சுற்றிய வரைவு, சங்கத்தின் அறிவிப்பு அல்ல" என்று ஒரு வரி சேர்த்தோம். முறையாக அனுப்பிய அறிவிப்பிலேயே இப்படித் தவறு இருந்திருந்தால் வேலை பெரிது. எழுத்துப் பிழை, இடத்தின் பெயர் போன்றவற்றுக்குத் திருத்தக் குறிப்புப் போதும். தேதியோ, அஜெண்டாவில் ஒரு தீர்மானமோ, ஓட்டுக் கணக்கோ மாறினால் அது புது அறிவிப்பு. 21 நாள் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எங்களுக்கு அப்படி ஆகியிருந்தால் செப்டம்பர் 30 கெடு கைவிட்டுப் போயிருக்கும்.

சனிக்கிழமை காவலாளி அண்ணன் கையெழுத்து நோட்டோடு வீடு வீடாகப் போனார். பூட்டியிருந்த இரண்டு வீட்டுக்கு மின்னஞ்சல் போனது. நோட்டில் கடைசிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்: 6-9-25, இரவு 8.40.